‘இன்று வரை’ என்றால் எது வரை?

மண்ணடியில் ஜெராக்ஸ் கடைக்கும் லுங்கிக் கடைக்கும் நடுவே ஒரு குறுகலான மாடிப்படி. ஏறினால் பத்துக்குப் பத்து அறை ஒன்று. ஒரு கணினி, ஒரு பிரின்டர், அட்டை கழன்ற அரபு அகராதி, ஜன்னலோரம் ஒரு பூதக்கண்ணாடி. அறைக்காரரை எல்லோரும் ‘பாய்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். அரபுக் கல்லூரியில் படித்து அஃப்ஸலுல் உலமா பட்டம் வாங்கியவர். பிறகு வளைகுடாவில் டைப்பிங் சென்டர் ஒன்றில் பல வருடம் அரசாங்க மனுக்கள் அடித்துக்கொண்டிருந்தார். ஊர் திரும்பிய பின் அரபு ஆவணங்களை ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுப்பது தொழிலாகிவிட்டது. வெளிநாட்டு வேலைக்காகக் காகிதம் சேர்ப்பவர்களைப் பற்றி எழுத வேண்டும் என்று நான் அங்கே போய் உட்கார்ந்தது 2025 ஏப்ரல் நடுவில். ஒரே ஒரு காகிதத்திலேயே என் இரண்டு நாட்கள் போய்விட்டன.

அதைக் கொண்டுவந்தவர் நாகர்கோவில் பக்கத்து இளைஞர். கொண்டுவந்தார் என்றால், செல்போனில். அவருடைய அக்கா நர்ஸ். வளைகுடா நாடொன்றில் ஐந்து வருடம் வேலை பார்த்துவிட்டு இப்போது பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் இருக்கிறார். பிரிட்டனில் ஒரு மருத்துவமனை வேலை கொடுத்திருக்கிறது. நர்ஸ் போன்ற வேலைகளுக்கு ‘ஸ்கில்டு வொர்க்கர்’ விசா கேட்பவர்கள், 18 வயதுக்குப் பிறகு, கடந்த பத்து வருடத்தில் எந்தெந்த நாட்டில் மொத்தமாகப் பன்னிரண்டு மாதமோ அதற்கு மேலோ இருந்தார்களோ, அந்தந்த நாட்டிலிருந்து குற்றப் பதிவு இல்லை என்ற போலீஸ் சான்றிதழ் கொடுக்க வேண்டும். இந்தியாவில் பாஸ்போர்ட் அலுவலகம் தரும் பி.சி.சி. ஆங்கிலத்திலேயே இருப்பதால் அதில் சிக்கல் இல்லை. வளைகுடாச் சான்றிதழ் முழுக்க அரபு. அதைப் பெயர்த்துதான் கொடுத்தாக வேண்டும்.

“பாய், பெயர்த்து ஏற்கெனவே வாங்கியாச்சு. ஆனா அந்த ஹாஸ்பிட்டல்காரங்க இது எக்ஸ்பயர் ஆயிடுச்சுங்கறாங்க. அக்கா பிப்ரவரியிலதான் வாங்குனாங்க. எப்படி அதுக்குள்ள எக்ஸ்பயர் ஆகும்?”

பாய் முதலில் போனை வாங்கிப் பார்த்தது அந்த ஆங்கிலப் பெயர்ப்பை. பார்த்ததும் சிரிக்கவில்லை, உச்சுக்கொட்டவும் இல்லை. ஒரு வரியில் விரல் வைத்தார். அதில் ‘வேலிட் அன்டில் 03/02/2025’ என்று இருந்தது. மேலே சான்றிதழ் வழங்கிய தேதியாகவும் அதே 03/02/2025. வழங்கிய நாளிலேயே செத்துப்போகும் ஒரு சான்றிதழை எந்த அரசாங்கமும் கொடுக்காது. அது பெயர்த்தவருக்கும் தோன்றவில்லை, வாங்கியவருக்கும் தோன்றவில்லை. வேலை கொடுத்திருக்கும் மருத்துவமனையின் கண்ணில்தான் முதலில் பட்டது.

தவறு நடந்த இடம் ஒரே ஒரு சொல். அரபு மூலத்தில் இருப்பது ‘ஹத்தா தாரீகிஹி’. ‘ஹத்தா’ என்றால் வரை. ‘தாரீக்’ என்றால் தேதி. கடைசியில் ஒட்டியிருக்கும் ‘ஹி’ என்றால் இதன். ஆக, ‘இதன் தேதி வரை’. அகராதியைத் திறந்து சொல்லுக்குச் சொல் வைத்தால் ‘அன்டில்’ என்பது சரிதான். ஆனால் அந்தத் தொடர் எந்த வாக்கியத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். முழு வாக்கியத்தின் பொருள்: ‘மேற்படியார் மீது, இதன் தேதி வரை, எந்த முன்குற்றமும் பதிவாகவில்லை.’ இங்கே ‘வரை’ என்பது பதிவேட்டைத் தேடிப் பார்த்த காலத்தின் எல்லை. சான்றிதழ் எதுவரை செல்லும் என்பதைப் பற்றி அந்த வாக்கியம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நம் ஊரில் ‘இன்று வரை கட்டணம் பாக்கி இல்லை’ என்று பள்ளிக்கூடத்தில் எழுதிக் கொடுத்தால், அந்தக் காகிதம் இன்று சாயங்காலம் காலாவதி ஆகிறது என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. அதே விஷயம்தான். ஆங்கிலத்தில் இதற்கு ‘அப் டு தி டேட் ஹியராஃப்’ என்று எழுதுவது வழக்கம். அதை முன்குற்றம் பற்றிய வாக்கியத்துக்குள்ளேயே எழுத வேண்டும். பிய்த்துத் தனி வரியாக வைத்தாலே பொருள் மாறிவிடும்.

“அப்ப இதுக்கு வேலிடிட்டியே கிடையாதா பாய்?” என்றார் தம்பி.

“இருக்கும் தம்பி. வேற இடத்துல இருக்கும். நீங்க எனக்குக் காட்டுற படத்துலதான் அது இல்ல.”

அங்கிருந்துதான் அந்தப் படத்தின் கதை தொடங்குகிறது. சான்றிதழின் அசல் பெங்களூரில் அக்காவின் ஹாஸ்டல் பெட்டியில் இருக்கிறது. அதை அவர் ஜெராக்ஸ் எடுத்து, ஒரு நோட்டரி வக்கீலிடம் ‘ட்ரூ காப்பி’ என்று சான்று வாங்கி, அந்த நகலைக் கட்டிலில் போட்டு ராத்திரி ட்யூப்லைட் வெளிச்சத்தில் படமெடுத்துத் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். படத்தின் கீழ் விளிம்பு வெட்டுப்பட்டிருந்தது. நோட்டரியின் வட்ட முத்திரையும், அதன் மேல் ஒட்டிய பளபளப்பான சிவப்பு வில்லையும் பக்கத்தின் அடிப்பகுதியில், கடைசி இரண்டு வரிகளின் மேலேயே விழுந்திருந்தன. வில்லையில் வெளிச்சம் பட்டுத் தெறித்ததால் அந்த இடம் வெள்ளையாகக் கிடந்தது. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்புவதால் மிச்சமிருந்த எழுத்தும் கரைந்திருந்தது.

இப்படிப்பட்ட சான்றிதழ்களில் செல்லுபடியாகும் காலம் பெரும்பாலும் கீழே, கையெழுத்துக்குப் பிறகு, பொடி எழுத்தில் வரும். நகலில் நோட்டரிக்குக் காலியாகத் தெரிவதும் அந்த இடம்தான். அவருக்கு அரபு தெரியாது. அது அலங்கார வரி என்று நினைத்துக் குத்திவிடுகிறார். முன்பு பெயர்த்தவருக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. தெரியாததைத் தெரியவில்லை என்று எழுதாமல், மேலே கிடைத்த ‘வரை’யைக் கொண்டு இடத்தை நிரப்பிவிட்டார். என் கணக்கில் சொல் தெரியாததைவிடப் பெரிய தவறு இது.

அந்தப் பக்கத்தில் இன்னொரு தேதியும் இருந்தது. நோட்டரியின் ரப்பர் முத்திரையில் அவர் பெயர், பதிவு எண், அதன் கீழே ‘எக்ஸ்பைரி டேட் 14.08.2027’. பழைய பெயர்ப்பில் இதுவும் எந்த விளக்கமும் இல்லாமல் பக்கத்தின் அடியில் தனியாக நின்றது. பிரிட்டனில் உட்கார்ந்து படிப்பவருக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மேலே 2025 பிப்ரவரியில் முடிந்தது என்கிறது, கீழே 2027 ஆகஸ்டில் முடியும் என்கிறது. இரண்டுமே சான்றிதழின் காலம் இல்லை. இந்தியாவில் நோட்டரிகள் 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நியமிக்கப்படுகிறார்கள். அவர்களுக்குத் தரப்படும் தொழில் சான்று ஐந்து வருடத்துக்கானது, பிறகு புதுப்பித்துக்கொள்ள வேண்டும். முத்திரையில் இருக்கும் 14.08.2027 அந்த வக்கீலின் நோட்டரிப் பதவி முடியும் நாள். அக்காவின் நன்னடத்தைக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. ஆகவே பெயர்ப்பில் அதை எழுதும்போது சதுர அடைப்புக்குறி போட்டு, ‘நகலின் மீது இந்திய நோட்டரியின் வட்ட முத்திரை, பெயர், பதிவு எண், நோட்டரிப் பதவி முடியும் நாள் 14.08.2027’ என்று யாருடைய தேதி என்பது தெரிகிற மாதிரி எழுத வேண்டும். அது நகலின் மேல் இருக்கிறது, அசலின் மேல் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

முத்திரைகள் மொத்தம் மூன்று அடுக்காக இருந்தன. முதலாவது, சான்றிதழ் கொடுத்த போலீஸ் அலுவலகத்தின் வட்ட முத்திரை. இரண்டாவது, அந்த நாட்டு வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை. மூன்றாவது, நம்மூர் நோட்டரி. இரண்டாவதில் ஒரு சிறு வாசகம் உண்டு. முத்திரையும் கையெழுத்தும் உண்மையானவை என்று மட்டும் உறுதி செய்கிறோம், உள்ளடக்கத்துக்குப் பொறுப்பில்லை என்பது அதன் சாரம். பல பேர் இதை ‘சான்றிதழ் சரிபார்க்கப்பட்டது’ என்று ஒரே வீச்சில் முடித்துவிடுகிறார்கள். கையெழுத்து உண்மை என்பதும் விஷயம் உண்மை என்பதும் வேறு. அமைச்சகம் சொல்லாததை அதன் வாயில் திணிக்க மொழிபெயர்ப்பாளருக்கு அதிகாரம் இல்லை. பாய் ஒவ்வொரு முத்திரையையும் பக்கத்தில் எந்த இடத்தில் இருக்கிறதோ அதே இடத்தில், அடைப்புக்குறிக்குள், அதில் உள்ள எழுத்தை முழுதாகப் பெயர்த்து வைக்கிறார். எழுத்து மங்கிப் பாதி வட்டம் மட்டும் தெரிந்தால் ‘பாதி தெளிவில்லை’ என்றே எழுதுகிறார்.

முதல் வேலையாக அவர் அக்காவுக்கே போன் போட்டார்.

“அம்மா, அசலை எடுத்துக்குங்க. நகல் வேண்டாம். காலையில ஜன்னல் பக்கம் மேஜை மேல தட்டையா வைங்க. ஃபிளாஷ் போடாதீங்க. போனைச் சரிவா பிடிக்காம நேரா மேலேருந்து, நாலு மூலையும் தெரியற மாதிரி ஒரு படம். அப்புறம் கீழ்ப்பாதி மட்டும் கிட்டப் போய் ஒண்ணு. முத்திரை ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணு. திருப்பிப் பின்பக்கமும் ஒண்ணு. வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பாம டாக்குமெண்டா அனுப்புங்க, அப்பத்தான் சுருங்காது.”

“பின்பக்கம் ஒண்ணுமே இல்லைங்களே?”

“ஒண்ணுமே இல்லைன்னு எழுதறதுக்கும் நான் பார்க்கணும்மா.”

மறுநாள் காலை படங்கள் வந்தன. அசலில் நோட்டரி முத்திரை இல்லை என்பதால் கீழ் வரிகள் வெளியே வந்துவிட்டன. ஆனால் ஜன்னல் வெளிச்சத்திலும் ஓர் எண் இழுத்தடித்தது. ‘சாலிஹா லி முத்தத்’, அதாவது ‘இன்ன காலத்துக்குச் செல்லும்’ என்ற தொடருக்குப் பின் ஓர் எண். அதன் பிறகு ‘அஷ்ஹுர்’. அந்த எண் அச்சிலேயே மை பரவி மங்கியிருந்தது.

வளைகுடா ஆவணங்களில் வரும் அரபு எண்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். நாம் எழுதும் 1, 2, 3 வடிவங்கள் அங்கே வேறு. அவர்களுடைய ஐந்து ஒரு சிறு வட்டம், நம் கண்ணுக்கு அப்படியே பூஜ்யம். அவர்களுடைய பூஜ்யம் வெறும் புள்ளி. நகலில் ஒரு தூசி விழுந்தால் அது பூஜ்யமாகிவிடலாம், மங்கல் படத்தில் உண்மையான பூஜ்யம் காணாமலும் போகலாம். ஆறு, நம் ஏழு மாதிரி நிற்கும். இரண்டுக்கும் மூன்றுக்கும் வித்தியாசம் தலையில் இருக்கும் ஒரே ஒரு பல். இரண்டுக்கு ஒரு வளைவு, மூன்றுக்கு இரண்டு. மை பரவினால் அந்தப் பல்தான் முதலில் போகும். அக்காவின் சான்றிதழில் நடந்ததும் அதுவே. இரண்டு மாதமா, மூன்று மாதமா? இரண்டு என்றால் ஏப்ரல் முதல் வாரத்திலேயே முடிந்துவிட்டது. மூன்று என்றால் இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல் இருக்கிறது.

பாய் பூதக்கண்ணாடியை எடுக்கவில்லை. அடுத்த சொல்லைப் படித்தார். அரபு இலக்கணத்தில் ஒருமை, பன்மை மட்டுமல்லாமல் இருமை என்று ஒன்று உண்டு. இரண்டு மாதம் என்றால் எண்ணே தேவையில்லை, ‘ஷஹ்ரைன்’ என்ற ஒரே சொல் போதும். மூன்று முதல் பத்து வரை பன்மையான ‘அஷ்ஹுர்’ வரும். பதினொன்றிலிருந்து மறுபடி ஒருமை. இங்கே ‘அஷ்ஹுர்’ இருப்பதால் முன்னால் இருப்பது இரண்டாக இருக்கக் கூடாது. எனக்கு அந்த நிமிடம் புதிர் அவிழ்ந்த சந்தோஷம். பாய்க்கு அது போதவில்லை. “அலுவலகக் கணினியில வரி தயாரா இருக்கும் தம்பி, எண்ணை மட்டும் மாத்திப் போடுவான். அவன் இலக்கணம் பார்ப்பான்னு என்ன நிச்சயம்?” என்றார். அக்காவிடம் அந்த ஓர் எண்ணை மட்டும், கைப்பேசியை ஒரு சாண் உயரத்தில் வைத்து இரண்டு முறை படமெடுக்கச் சொன்னார். இரண்டாவது படத்தில் இரண்டு வளைவும் தெரிந்தன. மூன்று.

இனி தேதி. 03/02/2025 என்பது பிப்ரவரி 3ஆ, மார்ச் 2ஆ? வலமிருந்து இடமாக ஓடும் பக்கத்தில், எண்கள் மட்டும் இடமிருந்து வலமாக நிற்கும். எந்தப் பக்கத்திலிருந்து நாள், எந்தப் பக்கத்திலிருந்து மாதம் என்பதில் தடுமாற்றம் சகஜம். இந்தச் சான்றிதழில் நல்லவேளையாக ஹிஜ்ரி தேதியும் பக்கத்திலேயே இருந்தது. 04/08/1446. ஹிஜ்ரி ஆண்டின் எட்டாம் மாதம் ஷஅபான். அந்த வருடம் சவூதி நாட்காட்டியில் ரமலான் தொடங்கியது 2025 மார்ச் 1. அதனால் மார்ச் 2 என்றால் ஒன்பதாம் மாதமான ரமலான் 2 என்று இருந்திருக்க வேண்டும். எட்டாம் மாதம் நான்காம் நாள் என்றிருப்பதால் பிப்ரவரி 3தான். பாய் பெயர்ப்பில் இரண்டு தேதிகளையும் மூலத்தில் உள்ளபடியே வைத்தார். நம்பகமாகத் தெரிந்துவிட்டதால் மாதத்தின் பெயரைத் தன் குறிப்பு என்று அடையாளமிட்டு அடைப்புக்குறியில் சேர்த்தார்.

இப்போது அந்த முக்கியமான வரி. ‘இந்தச் சான்றிதழ் இதன் தேதியிலிருந்து மூன்று மாத காலத்துக்குச் செல்லும்.’ தம்பி மெல்ல ஆரம்பித்தார்.

“பாய், மே 3 வரைக்கும்னு தேதியாவே போட்டுட்டா அவங்களுக்குப் படிக்க ஈஸியா இருக்கும்ல?”

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பாய் போடமாட்டேன் என்றார். ‘மூன்று மாதம்’ என்று மட்டும் இருக்கிறது. எந்த நாட்காட்டியின் மூன்று மாதம்? ஆங்கிலக் கணக்கில் பிப்ரவரி 3இலிருந்து மூன்று மாதம் மே 3. ஹிஜ்ரி மாதங்கள் 29 அல்லது 30 நாள்தான். ஷஅபான் 4இலிருந்து மூன்று ஹிஜ்ரி மாதம் போனால் துல்கஃதா 4, அது மே 2. ஒரு நாள் வித்தியாசம். எது சரி என்று சான்றிதழ் சொல்லவில்லை. கடைசி நாளும் சேர்த்தியா, சேர்த்தி இல்லையா என்றும் சொல்லவில்லை. இதையெல்லாம் முடிவு செய்யவேண்டியவர் விசா அதிகாரி. மொழிபெயர்ப்பாளர் கூட்டிக் கழித்து ஒரு தேதியை எழுதிவிட்டால், மூலத்தில் இல்லாத தேதி ஒன்று பெயர்ப்பில் முளைத்துவிடுகிறது. மூலத்தையும் பெயர்ப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு முதல் சந்தேகம் அங்கேதான் வரும். ‘மூன்று மாதம்’ என்பதை ‘90 நாள்’ என்று எழுதுவதும் இதே குற்றம்தான். பிப்ரவரி 3இலிருந்து 90 நாள் எண்ணினால் மே 4 வந்துவிடுகிறது.

இன்னும் ஒரு சின்னச் சொல். மூலத்தில் ‘தாரீகிஹா’, இதன் தேதி என்றிருக்கிறது. ‘தாரீக் அல் இஸ்தார்’, அதாவது வழங்கிய தேதி என்று இல்லை. இங்கே இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கும். ஆனாலும் ‘ஃப்ரம் இட்ஸ் டேட்’ என்றே போட்டார், ‘டேட் ஆஃப் இஷ்யூ’ என்று போடவில்லை. அச்செடுத்த தேதி, வழங்கிய தேதி, அமைச்சகம் சான்றளித்த தேதி என்று மூன்று தேதிகள் இருக்கும் பக்கத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது தன் வேலை இல்லை என்றார். எனக்கு இது கொஞ்சம் அதிகப்படியான கறார் என்று பட்டது. அவர் மூன்று தேதிகளையும் காட்டிய பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

தம்பிக்கு இன்னொரு யோசனை. “கடைசியில இதுக்கும் ஒரு நோட்டரி போட்டுடலாமா? கெத்தா இருக்கும்.”

நோட்டரிச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் மொழிபெயர்ப்பைச் சரிபார்ப்பதும் நோட்டரியின் வேலைகளில் ஒன்றாக இருக்கிறது. உண்மைதான். ஆனால் அரபு தெரியாத நோட்டரி எதைச் சரிபார்ப்பார்? கையெழுத்துப் போட்டது இன்னார் என்று மட்டும் சொல்லலாம். பிரிட்டன் விசாவுக்குக் கேட்பது வேறு. பெயர்ப்பு மூலத்துக்குச் சரியானது என்ற மொழிபெயர்ப்பாளரின் உறுதிமொழி, பெயர்த்த தேதி, அவருடைய முழுப் பெயரும் கையெழுத்தும், அவரைத் தொடர்புகொள்ளும் விவரம். இந்த நான்கும் இருந்தால் போதும். பழைய பெயர்ப்பில் இரண்டு நோட்டரி முத்திரை இருந்தது, பெயர்த்தவரின் பெயர் மட்டும் இல்லை. கனடா, நியூசிலாந்து என்றால் சொந்தக்காரர்கள் பெயர்த்துக் கொடுப்பதே கூடாது என்ற விதியும் உண்டு. வீட்டில் அரபு தெரிந்த சித்தப்பா இருந்தாலும் பலனில்லை.

உறுதிமொழியில் பாய் ஒரு வரி கூடுதலாகச் சேர்த்தார். ‘அசல் ஆவணத்தின் புகைப்படங்களைப் பார்த்துப் பெயர்க்கப்பட்டது, அசலை நேரில் பார்க்கவில்லை.’ தம்பிக்கு முகம் சுருங்கியது. இதைப் போட்டால் சந்தேகப்படமாட்டார்களா என்றார். பார்க்காததைப் பார்த்ததாக எழுதிவிட்டு, நாளைக்கு அங்கிருந்து போன் வந்தால் நான் என்ன சொல்லட்டும் என்றார் பாய். வரி அப்படியே நின்றது.

பக்கத்தின் அடியில் செல்லுபடி வரிக்குக் கீழே இன்னும் ஒரு வரி இருந்தது. நோட்டரி வில்லைக்கு அடியில் முழுதாக மறைந்திருந்ததால் பழைய பெயர்ப்பில் அது வரவே இல்லை. ‘சுரண்டலோ மாற்றமோ இருந்தால் இந்தச் சான்றிதழ் ரத்தாகும்.’ இதுவும் செல்லுபடியைப் பற்றிய வாசகம்தான். காலத்தைப் பற்றி அல்லாமல், காகிதத்தின் நிலையைப் பற்றி. நோட்டரி முத்திரை நகலின் மேல் விழுந்ததில் தப்பில்லை. அசலின் மேலேயே குத்தச் சொல்லியிருந்தால், அது மாற்றமா இல்லையா என்று ஒரு தனி வழக்கே நடத்தலாம்.

அந்த வரியைத் தட்டச்சு செய்து முடித்ததும் பாய்க்கு ஏதோ தோன்றியிருக்க வேண்டும். பிரின்ட் கொடுப்பதற்கு முன் மறுபடி பெங்களூருக்குப் போன் போட்டார்.

“அம்மா, அசல்ல பேனாவால எதுவும் எழுதலையே? பாஸ்போர்ட் நம்பர், கோடு, டிக்கு?”

“இல்லைங்க. பத்திரமா வெச்சிருக்கேன். இன்னிக்கு சாயங்காலம் லேமினேஷன் பண்ணிடலாம்னு எடுத்து வெச்சேன்.”

“ஐயோ, வேண்டாம்மா” என்று பாய் நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டார்.